நடு மடிப்பில் நின்ற பையன்

புத்தகத்தைத் திறந்தால் மற்றவர்களுக்கு எழுத்துதான் கண்ணில் படும். ரெமணிக்கு நடு மடிப்பு. கல்யாண வீட்டில் பத்திரிகையை நீட்டினாலும் சரி, மாதா கோயிலில் யாராவது ஜெபப் புத்தகத்தை விரித்தாலும் சரி, இரண்டு பக்கமும் சேருகிற அந்தக் குழியில்தான் அவள் பார்வை போய் நிற்கும். அவள் மகளே கேலி செய்வாள், "அம்மாவுக்கு எதையும் ரெண்டாப் பிளந்து பாத்தாத்தான் திருப்தி" என்று.

பம்பை ஆறு காயலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அவர்கள் ஊர், முட்டாற்றுக்கரை. ஒரு காலத்தில் ரெமணி சங்கனாச்சேரியில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் மஸ்கட் போனான். முதலில் பணம் நின்றது, பிறகு போன் நின்றது. அச்சகமும் மூடிவிட்டது. ஊர் வாசகசாலையில் பழைய விழா மலர்களையும் சங்க அறிக்கைகளையும் கையெழுத்துப் பத்திரிகைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள் என்றபோது, செயலாளர் வாசவன் சார்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

வேலை இதுதான். புத்தகத்தை விரித்து மேலே கண்ணாடியை அழுத்தி வைப்பார்கள். உச்சியில் தொங்கும் கேமரா ஒரு சொடுக்கில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும். படிக்கிறவனுக்குத் தனித்தனிப் பக்கம் வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு படத்தையும் இடது, வலது என்று இரண்டாக வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு கறுப்பு என்று கூட்டிக்கொண்டே போகும். எழுத்து உள்ள இடத்தில் கறுப்பு ஏறி இறங்கும். எழுத்து முடிந்ததும் வெறும் வெள்ளை ஓரம். அதற்கடுத்து ஒல்லியாக ஒரு கறுப்பு. அப்புறம் மறுபடி வெள்ளை. நடுவாக்கில், இரண்டு வெள்ளைக்கு இடையில் மாட்டிக்கொண்ட அந்த நிழல்தான் மடிப்பு. அங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். புத்தகம் கொஞ்சம் கோணலாக இருந்தால் கோடும் கோணலாகச் சாயும்.

அநேகமாகச் சரியாகத்தான் போடும். ஆனால் கணக்கு அட்டவணை வந்தால் அதன் நடுக்கோட்டையே மடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். இறுக்கித் தைத்த புத்தகத்தில் எழுத்து குழிக்குள் இறங்கிப் போயிருக்கும். வெள்ளை ஓரமே இருக்காது. கோடு வரியின் கடைசி எழுத்தைத் தின்றுவிடும். இரண்டு பக்கத்திலும் பரந்து கிடக்கிற புகைப்படம் வந்தால் அதற்கு ஒன்றுமே புரியாது. அப்போதெல்லாம் ரெமணி கையால் கோட்டை நகர்த்துவாள். பரந்த படமாக இருந்தால் வெட்டவே விடமாட்டாள். இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் குறித்துவிட்டுப் போவாள். அவள் கண் படாமல் ஒரு பக்கமும் வெட்டுப்படவில்லை.

கடைசிச் சில பெட்டிகள் தவிர. மந்திரி வரும் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். எறணாகுளத்தில் ஒரு கம்பெனி, மீதியை நாங்கள் முடித்துத் தருகிறோம் என்றது. ரெமணி வாசவன் சாரிடம் போய் நின்றாள்.

"சாரே, அவங்க தானா வெட்ட விட்டுருவாங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"நீயே பாத்துக்கிட்டிருந்தா மந்திரி அடுத்த ஓணத்துக்குத்தான் வரணும். முழுப்படம் எல்லாம் தனியா ஹார்ட் டிஸ்க்ல தர்றாங்க. தப்பு வந்தா அதை வெச்சுத் திருப்பி வெட்டிக்க. போதுமா?"

அதுவும் நியாயமான பதில்தான். டிஸ்க் வந்தது. ரெமணி அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினாள். விழாவும் நடந்தது. அந்த ஆகஸ்டில் வெள்ளம் வந்தது.

தண்ணீர் வடிந்தபோது வாசகசாலைக்குள் முட்டளவு சேறு. புத்தகங்கள் ஊதிப் பெருத்து அலமாரிகளையே பிளந்திருந்தன. ஒவ்வொன்றும் நனைந்த செங்கல் மாதிரி. இரண்டு வாரம் வெயிலில் போட்டும் நாற்றம் போகவில்லை. முற்றத்தில் குவித்து எரித்தார்கள். டிஸ்க்கைத் திறந்தால் உள்ளேயிருந்து வண்டல் ஒழுகியது. கொச்சியில் ஒருவனிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவன் கைவிரித்துவிட்டான். மிஞ்சியவை வெளியே எங்கோ ஒரு சர்வரில் கிடந்த, வெட்டிய தனித்தனிப் பக்கங்கள் மட்டும். ஊரே அவளைப் பாராட்டியது. "உன்னாலதான் இதாவது மிஞ்சிச்சு" என்றார்கள். ரெமணிக்கும் அப்படித்தான் தோன்றியது, சாராம்மா வந்து நிற்கும் வரை.

சாராம்மாவும் அவள் புருஷன் ஔசேப்பும் வாத்துக்காரர்கள். அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டு, கூடவே தோணியில் போகிறவர்கள். வெள்ளம் வாத்துகளை ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போனது. வீட்டிலும் கூரையையும் சுவரையும் விட்டுவைத்து மிச்சமெல்லாவற்றையும் கொண்டுபோனது.

"மோளே, உன் கம்ப்யூட்டர்ல பள்ளிக்கூட மலர் இருக்கா? வெள்ளி விழாவுக்குப் போட்டது."

"இருக்கணும் சேச்சி. என்ன பாக்கணும்?"

"நம்ம ஜிஜோ படம் அதுல ஒண்ணு இருக்கு. பந்து விளையாடுற பசங்களோட. வீட்டுல இருந்த எல்லாம் போச்சு. கோயில்ல முதல் நன்மை வாங்கினப்ப எடுத்த படம்கூடப் போச்சு. ஆல்பம் அப்படியே கூழாப் போயி ஒட்டிக்கிச்சு."

ஜிஜோவை ரெமணிக்கு நினைவிருந்தது. பதிமூன்று வயதில் எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தோணியில் கொண்டுபோகும்போதே பேச்சு நின்றுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஒரே பிள்ளை. அவன் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

ரெமணி மலரைத் தேடி எடுத்தாள். பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எறணாகுளத்துக்குப் போன பெட்டியில் இருந்தது அது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். வாழ்த்துரை, அறிக்கை, நகைக்கடை விளம்பரம். அப்புறம் ஒரு பக்கத்தில் மூன்று பையன்கள், ஓரத்தில் ஒரு தோளும் காதும். அடுத்த பக்கத்தில் ஒரு காதும் தோளும், பிறகு மூன்று பையன்கள்.

"இதோ பினுமோன். இது நம்ம கறியாச்சன் பையன்," என்று சாராம்மா திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். விரல் ஓரத்துக்கு வந்து நின்றது. "எங்க, நம்மாளக் காணோமே?"

"சேச்சி, அவன் நடுவுல நின்னிருக்கான்."

"ஆமா, கேப்டன் இல்லியா? நடுவுலதான் நிப்பான்."

ரெமணி இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு காது, கொஞ்சம் தலைமயிர், இடது கண்ணில் பாதி. எதிரில் இன்னொரு காது, கன்னத்து ஓரம். கம்ப்யூட்டர் வெட்டியது மட்டுமல்ல, வழக்கம்போல நிழல் விழுந்த பட்டையைக் குப்பை என்று நினைத்து இரண்டு பக்கமும் வழித்து எடுத்திருந்தது. அந்தப் பட்டைக்குள்தான் மூக்கும் வாயும் இருந்தன.

சாராம்மா அழவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்தாள், அழுக்கு ஏதோ மறைக்கிறது என்பதுபோல. "மடிச்சு வெச்சிருக்கியா? விரிச்சுக் காட்டு மோளே," என்றாள்.

அந்த வார்த்தை ரெமணியைப் படுத்தி எடுத்தது. விரித்துக் காட்ட எதுவும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? "ரெண்டு நாள் குடுங்க சேச்சி, தேடிப் பாக்கறேன்" என்று அனுப்பி வைத்தாள்.

படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் செத்து வருஷமாகிறது. அவர் பிள்ளைகள் பழைய நெகட்டிவ் சுருளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். மலரை அச்சடித்தது வேறு யாருமில்லை, ரெமணி வேலை பார்த்த அதே அச்சகம். மூடின கடையில் யாரைக் கேட்பது? கடைசியில், அதே மலரின் இன்னொரு பிரதி இருக்கிறது என்று தெரிந்தது. பையன்களுக்குப் பந்து பழக்கிய தங்கச்சன் சார், ஓய்வு பெற்று சங்கனாச்சேரியில் மேட்டில் இருக்கிறார். அங்கே வெள்ளம் எட்டவில்லை.

ரெமணி சாராம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். தங்கச்சன் சாருக்கு வாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. மருமகள் கறுப்புக் காப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். சாராம்மா எதையும் தொடவில்லை. மலர் சுத்தமாக, பளபளவென்று இருந்தது. அவள் அதை மடியில் வைத்து விரித்தாள். ஜிஜோவின் முகம் குழிக்குள் போய் மறைந்தது. இன்னும் விரித்தாள். புத்தகத்தின் முதுகு படபடவென்று சத்தம் போட்டது.

"சேச்சி, நிறுத்துங்க. கிழிஞ்சிரும்," என்றாள் ரெமணி. குனிந்து முதுகைப் பார்த்தாள். நூல் இல்லை. பசை மட்டும் போட்டு ஒட்டிய புத்தகம். அச்சகத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்த வேலை அது. தாள்களை அடுக்கி, பசை பிடிக்கட்டும் என்று முதுகை மெஷினில் கொடுத்துச் சீவி, அப்புறம்தான் ஒட்டுவார்கள். ஒவ்வொரு தாளிலும் உள்ளோரம் கொஞ்சம் தூளாகிப் போகும். எழுத்துள்ள பக்கத்தில் வெறும் வெள்ளைதான் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் பக்கத்தில் போயிருப்பது வெள்ளையா?

"சாரே, இதப் பிரிச்சுப் பாக்கணும். பசையில கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும். முழுசாக் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"பிரிச்சுக்கோ. கிழிச்சுக்கோ. எனக்கு எதுக்கு இனிமே?" தங்கச்சன் சாருக்கு வாய் கொஞ்சம் கோணி, சொல் குழறித்தான் வந்தது. "பையன் ஓரத்துல போய் நின்னான். நான்தான் காதைப் பிடிச்சு இழுத்து நடுவுல நிறுத்தினேன். கேப்டன்டா நீ, நடுவுல நில்லுன்னு."

"நீங்க என்ன சாரே பண்ணுவீங்க?" என்றாள் சாராம்மா. அவரைத் தேற்ற வேண்டிய நிலை அவளுக்கு வந்துவிட்டது.

ரெமணி மலரை வாசகசாலைக்குக் கொண்டுவந்து, இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, துணி போட்டு முதுகில் வைத்தாள். பசை இளகியது. இரண்டு தாளையும் உருவியெடுத்து, தட்டையாக வைத்துத் தனித்தனியாக ஸ்கேன் செய்தாள். இப்போது இடது கண் முழுசாக வந்தது. வலது கண்ணும் வந்தது. இடது பக்க வாயோரத்தில் ஒரு சின்னச் சுழிப்பு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. அதோடு சரி. அதற்கப்புறம் தாள் இல்லை.

இன்னும் எவ்வளவு போயிருக்கிறது? அதற்கும் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. கேப்டனின் காலடியில் பந்து இருந்தது; அதையும் மடிப்பு பிளந்திருந்தது. பந்து உருண்டை. இடது பக்கத்து வளைவையும் வலது பக்கத்து வளைவையும் ஒரு வட்டத்தில் பொருத்தினால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தெரிந்துவிடும். பொருத்தினாள். அரை விரல் அகலம் வந்தது. அந்த இடைவெளி விட்டு வைத்ததும் சட்டைக் கோடுகள் நேராக வந்தன, பின்னால் இருந்த பள்ளிக்கூடத்து ஓட்டு விளிம்பும் நேராக வந்தது. எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. முகத்தின் நடுவில் மட்டும், நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும், வெள்ளையாக ஒரு பட்டை.

ரெமணி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறணாகுளத்துக்காரர்களை மனசுக்குள் எத்தனை நாள் வைதிருந்தாள்! அவர்கள் அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டிருந்தாலும், டிஸ்க் பிழைத்திருந்தாலும், அவளே உட்கார்ந்து பார்த்திருந்தாலும், இந்தப் பட்டையில் இருந்த முகம் கிடைத்திருக்கப் போவதில்லை. மலர் அச்சாகி வெளியே வந்த அன்றே அது அச்சகத்துத் தரையில் தூளாகக் கிடந்திருக்கிறது. பையன் உயிரோடு இருந்த காலத்திலேயே. அப்போது யாரும் கவனிக்கவில்லை. முகம்தான் வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்ததே. குற்றம் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போனது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் மோசமாக இருந்தது.

வாசவன் சார் வந்து பார்த்தார். "இதுக்குப் போயா மண்டைய உடைச்சுக்கற? ஸ்டூடியோவுல குடு. இப்ப கம்ப்யூட்டரே மூக்கு வெச்சுத் தந்துரும்."

"யாரு மூக்க சாரே?"

"பையன் மூக்கத்தான்."

"அதுக்கு எப்படித் தெரியும், பையன் மூக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் விஷயம் ஔசேப்பின் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே வந்து நின்றான். சாராம்மாவைப் போல் இல்லை அவன். வாத்து மேய்க்கிறவர்களுக்கே உள்ள உரத்த குரல்.

"நிரப்பித் தா. எனக்கு ஒரு முகம் வேணும். கல்லறையில கல்லு வெக்கணும்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். பாதி முகத்த வெச்சா ஊர் சிரிக்கும்."

"சேட்டா, அது ஜிஜோ முகமா இருக்காது."

"முக்காலும் அவன்தானே? கண்ணு அவன் கண்ணு. காது அவன் காது. நடுவுல கொஞ்சம் போனா என்ன இப்ப?"

தகப்பனிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? ரெமணி படத்தை ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். சாயங்காலமே வந்துவிட்டது. நேரான மூக்கு, அளவான உதடு, அழகான பையன். வாயோரத்துச் சுழிப்பைச் சிரிப்பாக மாற்றி முடித்திருந்தது. பந்தையும் நிரப்பியிருந்தது, பந்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள். ரெமணி இரண்டு பிரதியையும் மேஜையில் வைத்தாள். சாராம்மா நிரப்பிய படத்தைத்தான் முதலில் எடுத்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது, பிறகு நின்றது. படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பார்த்தாள்.

"நல்ல பையன்," என்றாள். "யாரு பெத்த பிள்ளையோ."

"கண்ணு தெரியலையாடி உனக்கு? நம்ம பையன்!" என்றான் ஔசேப்பு.

"அவனுக்குச் சின்னதுல தோணித் துடுப்பு பட்டு மூக்கு ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். மறந்து போச்சா?"

ஔசேப்பு படத்தை வாங்கிப் பார்த்தான். மறந்துதான் போயிருந்தது. அது அவன் முகத்தில் தெரிந்ததும் ரெமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஔசேப்பு குரலை இறக்கிச் சொன்னான்: "அப்ப அந்தப் பக்கமா ஒதுக்கி வரையச் சொல்லேன் மோளே."

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க பாப்போம்," என்றாள் சாராம்மா.

அவனுக்குத் தெரியவில்லை. சாராம்மா சொல்லவும் இல்லை. அவளுக்கே அது நிச்சயமாகத் தெரிந்ததா என்று ரெமணிக்குச் சந்தேகம் உண்டு. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள்.

ஔசேப்பு நிரப்பிய படத்தை எடுத்துக்கொண்டான். சாராம்மா வெள்ளைப் பட்டை உள்ளதை எடுத்தாள். இருவரும் ஒரே தோணியில் ஏறி, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து போனார்கள்.

அடுத்த வருஷம் கல் வைத்தார்கள். முட்டை வடிவப் பீங்கான் வில்லையில், அழகான மூக்கோடு, சிரிக்கிற ஒரு பையன். கீழே ஜிஜோ ஔசேப்பு என்ற பெயர். நவம்பரில் மரித்த ஆத்துமாக்களுக்கான நாளில் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும்போது, சாராம்மாவும் வருவாள். ஆனால் கல்லின் பின்புறமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள், படம் கண்ணில் படாதபடிக்கு. ஔசேப்பு முன்னால் நின்று வில்லையைத் துணியால் துடைப்பான். இரண்டு பேருக்கும் நடுவில் கல் இருக்கும்.

வாசகசாலையில் மலர்கள் மறுபடி சேர்கின்றன, வீடுவீடாகக் கேட்டு வாங்கி. ரெமணியே உட்கார்ந்து பக்கம் பிரிக்கிறாள். பரந்த படம் வரும்போதெல்லாம் முழுசாக வைக்கச் சொல்லிக் குறிக்கிறாள். முதலில் முதுகைத் திருப்பி நூலா பசையா என்று பார்க்கிறாள். பசை என்றால், அந்தப் படத்தில் நடுவில் யாரும் நிற்கவில்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். நின்றால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும் பார்க்கிறாள்.